காசிப் பயணமும் காலைக் கடனும்

காசி, கயா என்று கூட்டமாகக் கிளம்புகிறவர்களின் மருந்துப் பையைத் திறந்து பார்த்தால் பேதியை நிறுத்தும் மாத்திரை கட்டாயம் இருக்கும். வெளியூர்த் தண்ணீர், ஸ்டேஷன் சாப்பாடு என்று எல்லோருடைய பயமும் அந்தப் பக்கத்தில்தான். ஆனால் பயணத்தின் மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ விடுதி அறைகளில் குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி வேறு. "உனக்குப் போச்சா?" என்று அக்கா கேட்பாள். "எங்கே, ஊரை விட்டுக் கிளம்பினதிலேர்ந்து இல்லை" என்பாள் தங்கை. பேதிக்கு மாத்திரை எடுத்துப் போனவர்கள் இதற்கு ஒன்றும் எடுத்துப் போயிருக்க மாட்டார்கள். சிலர் அந்த மாத்திரையையே 'வழியில் வயிறு கெடாமல் இருக்கட்டும்' என்று முன்கூட்டியே போட்டுக்கொண்டு, குடலைத் தாங்களே கட்டிப் போட்டிருப்பார்கள்.

இடம் மாறினால் வயிறு ஏன் முறுக்கிக்கொள்கிறது? சாப்பாடு மாறியதால் என்று சொல்லிவிடுவோம். அது பாதிக் காரணம்கூட இல்லை என்று நினைக்கிறேன். இன்னும் பெரிய காரணம் காலை வேளையில் இருக்கிறது. ஒரு பயணியைக் கற்பனை செய்துகொண்டு அவரைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கலாம்.

வயது 63. தாம்பரம் பக்கம் வீடு. ஓய்வு பெற்ற ஆசிரியை. தினமும் ஐந்தரைக்கு எழுந்திருப்பார். பல் தேய்த்து, சூடாக ஒரு டம்ளர் காபி. பேப்பரைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே, ஆறே காலுக்குள், கழிப்பறைக்குப் போயாக வேண்டும். பல வருடமாக இப்படித்தான். மலச்சிக்கல் என்ற பேச்சே அவர் வாயில் வந்ததில்லை.

இந்த முக்கால் மணி நேரத்தில் உள்ளே நிறைய நடக்கிறது. நாம் தூங்கும்போது பெருங்குடலும் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். கண் விழித்து எழுந்து நடமாடத் தொடங்கியதும் அதற்கும் விழிப்பு வருகிறது. பெருங்குடல் நாள் முழுவதும் சின்னச் சின்னதாகப் பிசைந்துகொண்டே இருந்தாலும், உள்ளிருப்பதை நெடுந்தூரம் தள்ளிக்கொண்டு வரும் பெரிய அலைகள் ஒரு நாளைக்குச் சில முறைதான் எழும்பும். அவை அதிகம் எழும்புவது இரண்டு சமயங்களில்: தூங்கி எழுந்த பிறகு, சாப்பிட்ட பிறகு. இரைப்பை நிறைந்ததும் 'மேலே சரக்கு வந்துவிட்டது, கீழே இடம் விடு' என்று பெருங்குடலுக்குத் தகவல் போகிறது. இரவு முழுவதும் காலியாகக் கிடந்த இரைப்பையில் முதல் ஆகாரம் விழும்போது இந்தத் தகவல் மிகவும் பலமாக இருக்கும். காபி இதற்குக் கூடுதல் உந்துதல். காபி குடித்த சில நிமிடங்களில் சிலருக்குப் பெருங்குடலின் கடைப்பகுதி சுறுசுறுப்பாவதை 1990இல் வந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. கஃபீன் நீக்கிய காபிக்கும் அந்தக் குணம் இருந்தது. எல்லோருக்கும் அப்படி இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

விழிப்பு, நடமாட்டம், சூடான முதல் ஆகாரம், கழிப்பறை காலியாகக் கிடைப்பது, அவசரப்படுத்த ஆள் இல்லாதது. நம் ஆசிரியைக்கு இவை ஐந்தும் தினமும் ஒரே நேரத்தில் கூடி வந்தன. அவர் அதைக் காபியின் மகிமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பெரிய அலை மலத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கடைசிப் பகுதியான மலக்குடலில் சேர்த்ததும் அதன் சுவர் விரிகிறது. அதுதான் நமக்கு முட்டுவதாகத் தெரிகிறது. ஆசனவாயில் இரண்டு சுருக்குத் தசைகள் உண்டு. உள்ளே இருப்பது நம் பேச்சைக் கேட்காது, மலக்குடல் விரிந்ததும் தானாகத் தளர்ந்துவிடும். வெளியே இருப்பது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இடமும் வேளையும் சரியில்லை என்றால் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம். கொஞ்ச நேரத்தில் மலக்குடல் விரிந்து இடம் கொடுத்துவிடும், மலம் சற்று மேலே திரும்பவும் செய்யும், முட்டல் அடங்கிப்போகும். 'அப்பாடா' என்று இருக்கும். ஆனால் பெருங்குடலின் முக்கியமான வேலைகளில் ஒன்று தண்ணீரை உறிஞ்சுவது. சிறுகுடலிலிருந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் திரவம் அதற்குள் வருகிறது. அதில் ஒன்று, ஒன்றரைக் கோப்பை அளவைத் தவிர மற்றதை அது எடுத்துக்கொள்கிறது. தங்கிப்போன மலத்திலிருந்தும் எடுத்துக்கொண்டே இருக்கும். காலையில் மெத்தென்று இருந்தது மறுநாள் காலைக்குள் கட்டியாகிவிடுகிறது.

ஒரு தடவை அடக்கினால் அந்தத் தடவையோடு போய்விடும் என்பதும் சரியில்லை. 1990இல் ஜெர்மன் மருத்துவர்கள் நல்ல ஆரோக்கியமுள்ள இளைஞர்களை, முட்டும்போது வேண்டுமென்றே அடக்கிக்கொண்டு ஒரு வாரம் இருக்கச் சொன்னார்கள். போகும் தடவைகள் குறைந்தன. அதுமட்டுமல்ல, குடல் முழுவதிலும் சரக்கு நகரும் வேகமே குறைந்துவிட்டது. வாசலை அடைத்தால் உள்ளறைகளிலும் நடமாட்டம் நின்றுபோகிறது.

இப்போது ஆசிரியை ரயில் ஏறுகிறார். சென்னையிலிருந்து காசிக்கு ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். ஏறுவதற்கு முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார். நம் ஊர்ப் பெண்கள் பயணமென்றால் செய்கிற முதல் வேலை இதுதான். ஓடும் வண்டியில் அடிக்கடி எழுந்து போக வேண்டாமே என்று. கட்டுச்சோறு கட்டியாயிற்று: புளியோதரை, எண்ணெய் தடவிய மிளகாய்ப்பொடி இட்லி, சப்பாத்தி, தொக்கு, முறுக்கு. இரண்டு நாள் கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த சாப்பாடு. காய்கறியும் கீரையும் ஊசிப்போகும் என்று விலக்கப்பட்டவை. கெடாமல் இருப்பதற்கு ஈரமும் குறைவாக இருக்க வேண்டும். அதாவது குடல் எதிர்பார்க்கும் இரண்டையும், நாரையும் நீரையும், கெட்டுப்போகும் என்ற ஒரே காரணத்துக்காக வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறோம். கட்டுச்சோற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, புளியோதரைக்காகவே பயணம் போகிறவன் நான். அதோடு ஒரு பை கொய்யாப்பழத்தையும் சேர்த்துக் கட்டலாம் என்பதுதான் என் கட்சி.

மறுநாள் காலை ஐந்தரைக்கு வழக்கம்போல விழிப்பு வருகிறது. காபிக்காரர் வருகிறார். ஆறு மணிக்கு, இத்தனை வருடப் பழக்கம், வயிறு முட்டுகிறது. கழிப்பறை வாசலில் நான்கு பேர் நிற்கிறார்கள். உள்ளே தரையெல்லாம் தண்ணீர், வண்டி ஆட்டம், வெளியே ஒருவர் கதவைத் தட்டுகிறார். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இருக்கைக்குத் திரும்புகிறார். அந்த அப்புறம் வரவே இல்லை. இருக்கையிலேயே படுத்தும் உட்கார்ந்தும் பகல் கழிகிறது. நடைக்கும் குடல் அசைவுக்கும் தொடர்பு உண்டு, அன்று நடையும் கிடையாது.

காசியில் இறங்கிய மறுநாள் நான்கு மணிக்கு எழுந்து கங்கை ஸ்நானம், அப்புறம் பிதுர் காரியம். காரியம் முடியும் வரை பலர் ஒன்றும் சாப்பிடுவதில்லை. முதல் ஆகாரம் வாயில் படும்போது மணி இரண்டு. அந்த நேரத்தில் பெருங்குடலுக்குப் போகும் தகவலுக்குக் காலையில் உள்ள பலம் இல்லை, கூட வந்தவர்களோ பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அறையில் இருப்பது மேற்கத்தியக் கழிப்பறை. குந்தியே பழகியவருக்கு அதில் உட்கார்ந்தால் சரியாக வராது. அதற்கு உடற்கூறு காரணமும் உண்டு: குந்தும்போது மலக்குடலுக்கும் ஆசனவாய்க்கும் இடையே உள்ள வளைவு நிமிர்கிறது, நாற்காலிபோல உட்காரும்போது அந்த அளவுக்கு நிமிர்வதில்லை.

நான்காம் நாள் இரவு. வயிறு உப்பி, பசி மந்தமாகி, தலை கனக்கிறது. அடுத்த நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கயாவுக்கு வேன். பக்கத்து அறை அம்மாள் பிசகோடில் மாத்திரை இரண்டு கொடுக்கிறார். ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் பாலோடு விழுங்கிவிட்டுப் படுக்கிறார் ஆசிரியை. இந்த ஒரு செயலில் இரண்டு பிசகு. முதலாவது, அந்த மாத்திரை வேலை செய்ய 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ஒன்பதோடு கூட்டிப் பாருங்கள்: விடியற்காலை மூன்றிலிருந்து காலை ஒன்பதுக்குள். வேன் அப்போது நெடுஞ்சாலையில் இருக்கும். இரண்டாவது, பால். குடலுக்குப் போய்த்தான் கரைய வேண்டும் என்று அந்த மாத்திரைக்கு மேலே ஒரு பூச்சு இருக்கிறது. பாலும் அமிலம் தணிக்கும் மருந்தும் அந்தப் பூச்சை இரைப்பையிலேயே கரைத்துவிடும். அதனால் வயிற்றைப் பிடுங்கும், குமட்டும். அந்த வேன் பயணத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

இதே பயணத்தை வேறு விதமாகவும் நடத்தியிருக்கலாம்.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். வாயில் போட்டது வெளியே வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகிறது. ஆகவே ரயிலில் நடக்கப் போவதை வீட்டில் சாப்பிட்டதுதான் தீர்மானிக்கிறது. கீரை, அவரை, சுண்டல், கொய்யா என்று அந்த நாட்களில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பார்கள், ஒரு நடுத்தரக் கொய்யாவில் ஐந்து கிராம் அளவுக்குக் கிடைத்துவிடும். பழக்கம் இல்லாதவர்கள் ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பிக் காற்றுப் பிரியும், அதனால்தான் முன்கூட்டியே தொடங்கச் சொல்வது. வேளைக்கு நார் கிடைக்காது என்று தெரிந்தவர்கள் இசப்கோல் உமியை எடுத்துப் போகலாம். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கலந்து, கெட்டியாகும் முன்பே குடித்துவிட வேண்டும், மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். இது மெதுவாகத்தான் வேலை செய்யும். 12 மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை ஆகலாம். அடைத்துக்கொண்ட பிறகு தேடுகிற மருந்து இல்லை. தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் அதுவே அடைப்பாகும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

தண்ணீர் விஷயத்தில் ஒரு பொய் நம்பிக்கை உலவுகிறது. குடம் குடமாகக் குடித்தால் மலம் இளகிவிடும் என்று. போதுமான அளவு குடிக்கிறவர் மேலும் குடித்தால் அது சிறுநீராகத்தான் போகும். உடம்பில் தண்ணீர் குறைந்தவருக்குத்தான் அது மருந்து. பயணத்தில் நம்மில் பலர் அந்தக் குறைந்த கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறோம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் அதுவே அடையாளம்.

ரயிலில் காலைப் பொழுதைக் காப்பாற்றுவதுதான் மிகவும் முக்கியம். எல்லோரும் எழுந்துகொள்ளும் முன் ஐந்து மணிக்கே எழுந்து, பெட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இரண்டு நடை நடந்து, பிளாஸ்கில் இருக்கும் வெந்நீரையோ காபியையோ இரண்டு பிஸ்கட்டோடு குடித்தால் ஐந்தரைக்குள் கழிப்பறை காலியாகவே இருக்கும். வரவில்லை என்றால் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது, பத்து நிமிடம் போதும். அதன் பிறகு முட்டல் எந்த நேரம் வந்தாலும், சீட்டாட்டம் நடந்தாலும், எழுந்து போய்விட வேண்டும். விடுதியில் மேற்கத்தியக் கழிப்பறைதான் என்றால் காலுக்கடியில் வாளியைக் கவிழ்த்தோ சின்ன முக்காலியைப் போட்டோ முழங்கால் இடுப்பைவிட உயரும்படி வைத்துக்கொண்டு, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்தால் குந்தியதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடலாம்.

காரியம் உள்ள நாளில் உணவுதான் தடை. வெறும் தண்ணீரோ, அனுமதித்தால் காபியோ குடித்துவிட்டு, ஸ்நானத்துக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் கழிப்பறைக்கு ஒதுக்கலாம். நான்கு மணிக்கு எழுவதற்குப் பதில் மூன்றரைக்கு எழுவது கஷ்டம்தான். ஆனால் அந்த அரைமணி இல்லாமல் அன்றைய நாளில் வேறு வேளை கிடைக்காது.

அப்படியும் மூன்று நாள் ஆகிவிட்டது, கனமாக இருக்கிறது என்றால் மருந்து எடுப்பதில் தப்பில்லை, மணியைக் கணக்குப் பண்ணி எடுக்க வேண்டும். அறையிலேயே இருக்கும் காலை என்றால் ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் குச்சி நல்லது. கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும், பயணத்துக்கு முன்பே தீர்ந்துபோகும். பிசகோடில் எடுப்பதானால் மறுநாள் வெளியே போகாத இரவில், ஒன்றே ஒன்று, தண்ணீரோடு, உடைக்காமல். நிலாவாரைக்கும் இதே 6 முதல் 12 மணிக் கணக்குதான். உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயரைச் சுமந்துகொண்டு போகும் இலை அது, நம்மில் பலர் அதைப் பொடி டப்பாவில்தான் பார்த்திருக்கிறோம். விளக்கெண்ணெய் இரண்டு மணி நேரத்திலேயே ஆரம்பித்துவிடும், வயிற்றையும் பிடுங்கும். பயணத்துக்கு லாயக்கில்லை, கர்ப்பிணிகள் தொடவே கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மக்னீசியம் கலந்த பேதி மருந்துகளை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

பைக்குள் இருக்கும் மற்ற மாத்திரைகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். மலைப்பாதையில் வாந்தி வராமல் இருக்கப் போடும் மாத்திரைகளில் பல குடலின் அசைவையும் சேர்த்து மட்டுப்படுத்தும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் சிலருக்கு மலத்தைக் கட்டும்.

விரதத்துக்கு வந்தால், முதலில் ஒரு வீண் கவலையைத் தள்ளிவிடலாம். ஏகாதசியன்று ஒன்றும் சாப்பிடாமல் இருந்தவர் மறுநாள் போகவில்லை என்றால் அது மலச்சிக்கல் ஆகாது. உள்ளே சரக்கு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மலம் கட்டியாக, ஆட்டுப்புழுக்கைபோலப் போவதும், முக்க வேண்டியிருப்பதும், போன பிறகும் மிச்சம் இருப்பதாகத் தோன்றுவதும்தான் மலச்சிக்கலின் அடையாளங்கள். துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைத்த வழக்கம் இந்த விஷயத்தில் நன்றாகவே பொருந்துகிறது. தொல்லை வருவது முழுப் பட்டினியைவிட, விரதம் என்ற பெயரில் ரவை உப்புமா, ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு வறுவல் என்று நாரில்லாத பலகாரமாகவே நாளை ஓட்டும்போதுதான்.

ரமலான் நோன்பு வேறு வகை. அதில் தண்ணீரும் கிடையாது, ஒரு மாதம் தொடர்ந்து நடக்கிறது. நம் பக்கத்தில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம். அங்கேயும் முதலில் அடிபடுவது காலை வேளைதான். சஹர் உணவை நான்கு, நான்கரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் பலர் மறுபடி படுத்துவிடுவார்கள். எழுந்தது, சாப்பிட்டது என்று பெருங்குடலைத் தட்டி எழுப்பிவிட்டு, அது தள்ளத் தயாராகும் நேரத்தில் தூங்கப் போவது அது. விழிக்கும்போது மணி எட்டு, அலுவலக அவசரம், காலை டீயும் இல்லை. ஆகவே நோன்பு மாதத்தில் கழிப்பறை நேரத்தை எட்டு மணியிலிருந்து சஹருக்குப் பிந்தைய அரைமணிக்கு மாற்றிக்கொள்வதுதான் முறை. முதல் நாலைந்து நாள் ஒன்றும் வராமல் போகலாம், தினமும் அதே நேரத்தில் போய் உட்கார்ந்தால் உடம்பு பழகிக்கொள்ளும்.

நோன்பு திறக்கும்போது கஞ்சி இருப்பது நம் பள்ளிவாசல்கள் செய்யும் நல்ல காரியம். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு எல்லாம் சேர்ந்து வெந்த சூடான திரவம். கஞ்சியோடு நின்றால் நல்லது. கூடவே வரும் சமோசா, பஜ்ஜி, வடையில் வயிறு நிரம்பி, அப்புறம் தண்ணீருக்கும் பழத்துக்கும் இடமில்லாமல் போவதுதான் வழக்கம். இஃப்தாருக்கும் சஹருக்கும் நடுவில் உள்ள நேரத்தில் எட்டு டம்ளர் தண்ணீரைப் பிரித்துக் குடிக்க வேண்டும், சஹர் முடியப் போகிறது என்று கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரேயடியாக ஊற்றிக்கொண்டால் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். இசப்கோல் எடுப்பவர்கள் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு எடுத்தால் மேலே தண்ணீர் குடிக்க அவகாசம் இருக்கும். கிளிசரின் குச்சி தேவைப்பட்டால் இரவிலேயே வைத்துக்கொள்ளலாம், நோன்பு முறியுமா என்ற கேள்விக்கே இடமில்லை.

பயணம் முடிந்து ஊர் திரும்பி, பழைய காலை திரும்பக் கிடைத்தால் பெரும்பாலானவர்களுக்கு சில நாட்களில் எல்லாம் சரியாகிவிடும். வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று வாரம் ஆகியும் வயிறு பழைய நிலைக்கு வரவில்லை, மலத்தில் ரத்தம் தெரிகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது என்றால் பயணத்தின் மேல் பழி போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் தாமதிக்கவே கூடாது. வயிறு உப்பிக் கடுமையாக வலித்து, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியாமல் நின்றுவிட்டால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் பேதி மருந்து கொடுப்பது ஆபத்து. எந்த ஊராக இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான்.

இன்னொன்று, வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு. ஐந்தாறு நாள் போகாமல் இருந்த தாத்தாவுக்குத் திடீரென்று தண்ணீராகக் கசியும், வேட்டி நனையும். கூட இருப்பவர்கள் வெளியூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பையிலிருந்து பேதியை நிறுத்தும் மாத்திரையை எடுப்பார்கள். மலக்குடலில் கல்லாக அடைத்துக்கொண்டிருக்கும் கட்டியைச் சுற்றிக்கொண்டு மேலிருந்து திரவம் கசிவதும் பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்கும், அப்போது அந்த மாத்திரை அடைப்பை இன்னும் இறுக்கிவிடும். மாத்திரையைப் பிரிக்கும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள்: "தாத்தா, கடைசியா எப்போ நல்லா போச்சு?"